காது மெஷின்: ஒரு கவிதையைத் திருத்திய பதிவு

முதல் வரைவை அப்படியே தருகிறேன்.

அப்பா போன பிறகு
வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது
அவர் நாற்காலி மட்டும்
ஒரு அனாதையைப் போல
மூலையில் அழுகிறது

மேஜை இழுப்பறையில்
அவருடைய காது மெஷின்
ஒரு சிறு பறவையின் பிணம் போல

நடுங்கும் விரல்களால் எடுத்து மூடினேன்
கீச்சென்று கத்தியது
எனக்குள் ஏதோ உடைந்தது

அவர் கேட்காமல் போன
என் சொற்களெல்லாம்
கண்ணீர்த் துளிகளாய் உதிர்ந்தன

இன்னும் நாங்கள்
சத்தமாகத்தான் பேசிக்கொள்கிறோம்
அவர் இருக்கிறார் என்ற நினைப்பில்
பழக்கம் என்பது
துயரத்தின் இன்னொரு பெயர்
என்று புரிந்துகொண்டேன்

மௌனமே
மிகப் பெரிய சத்தம்

தடங்கல் இல்லாமல் வாசித்துவிடலாம். அதுதான் இதன் சிக்கலும்கூட. 'நாற்காலி' என்று வந்ததுமே அது காலியாக இருக்கும், அழும் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. 'கண்ணீர்த் துளிகளாய்' என்பதைக் கண் படிக்காமலே தாண்டிவிடும். ஆனால் நடுவில் ஒரு காது மெஷின் இருக்கிறது, அது கத்துகிறது, இந்த வீட்டில் எல்லோரும் இன்னும் சத்தமாகப் பேசுகிறார்கள். இந்த மூன்றும் வேறு கவிதைகளில் நான் பார்க்காதவை. மற்றதெல்லாம் இவற்றின் மேல் போர்த்தியிருக்கும் துணி.

முதல் வேலையாகக் கவிதையை வரிக்கு வரி நிறைய இடைவெளி விட்டு அச்செடுத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்தேன். அந்த அறையில் ஒரு அந்நியர் நிற்கிறார், என் மனசில் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, அவர் கண்ணிலும் காதிலும் படக்கூடிய வரிகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். இழுப்பறையில் மெஷின் இருப்பது தெரியும். அதை எடுத்து மூடுவது தெரியும். அது கத்துவது கேட்கும். வீட்டில் சத்தமாகப் பேசுவது கேட்கும். விரல் நடுங்குவதையும் அவர் பார்க்கலாம், அதனால் அதற்கும் ஒரு கோடு போட்டேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. கவிதையில் பாதிக்கு மேல் கோடில்லாமல் நின்றது.

கோடு விழாத வரிகளை உடனே அடிக்கத் தோன்றும். அதற்குமுன் ஒவ்வொன்றும் எந்த வகையில் விளக்கம் சொல்கிறது என்று ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது. உணர்ச்சியின் பெயரைத் தேடி அழித்தால் போதும் என்று நினைத்தால், இந்தக் கவிதையில் நேரடியாக அகப்படுவது 'துயரம்' ஒன்றுதான். விளக்கம் வேறு வேறு வேஷத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நாற்காலிக்கு 'அழுகிறது' என்று ஒரு வினையைக் கொடுத்துவிட்டால், அழுவது யார் என்று நாம் சொல்லாமலே சொன்னதாகிவிடும். 'எனக்குள் ஏதோ உடைந்தது' என்பதில் வரும் 'ஏதோ', எது என்று எழுதியவர் தேடிப் பார்க்கவில்லை என்பதற்கான அடையாளம். 'என்பது' வந்த உடனே கவிதை பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறது. அதோடு 'துயரத்தின் இன்னொரு பெயர்' போல, ஒரு மனநிலையின் பெயருக்கு 'இன்' சேர்த்து இன்னொரு சொல்லை ஒட்டும் பழக்கம் வேறு. மௌனத்தின் மொழி, தனிமையின் நிறம், இழப்பின் வாசனை என்று எதை வேண்டுமானாலும் இப்படி ஒட்டலாம். எதையும் ஒட்டலாம் என்பதாலேயே அது எதையும் காட்டுவதில்லை.

இவற்றைவிடச் சிறியவை 'மட்டும்', 'தான்', 'ஏ' ஆகியவை. 'நாற்காலி மட்டும்' என்னும்போது வாசகரின் தோளைத் தொட்டு, இதைக் கவனி என்கிறோம். 'சத்தமாகத்தான்' என்பதிலும் அதே தொடல். உரைநடையில் இவை தேவைப்படும். கவிதையில் பெரும்பாலும் எழுதியவரின் விரல் சுட்டிக்கொண்டு நிற்கும் இடங்களாகவே இருக்கின்றன. அச்சுப் பிரதியில் இவற்றைத் தனியாக வட்டமிட்டு வைத்தேன். அவற்றுக்குக் கடைசியில் வரலாம்.

சரி, அடிக்கோடு இல்லாததை எல்லாம், கேள்விக்குறி போட்ட நடுங்கும் விரலையும் சேர்த்து, எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன்.

மேஜை இழுப்பறையில்
அவருடைய காது மெஷின்

எடுத்து மூடினேன்
கீச்சென்று கத்தியது

இன்னும் நாங்கள்
சத்தமாகப் பேசிக்கொள்கிறோம்

சுத்தமாக இருக்கிறது. ஆனால் உயிரில்லை. 'அவர்' யார்? மெஷின் ஏன் இழுப்பறையில்? சத்தமாகப் பேசுவதற்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? பலர் இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட்டு, சுருக்கமாகவும் பூடகமாகவும் வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை இது பாதி வேலை. நாம் வெட்டிய வரிகளில் உணர்ச்சி விளக்கத்தோடு சேர்ந்து தகவலும் போய்விட்டது. 'அப்பா போன பிறகு' என்பதில் சாவு இருந்தது. 'அவர் கேட்காமல் போன என் சொற்கள்' என்பதில் காது கேளாமை இருந்தது. 'அவர் இருக்கிறார் என்ற நினைப்பில்' என்பதில் சத்தத்துக்கான காரணம் இருந்தது. விளக்கம் வேண்டாம். இந்த மூன்று தகவலும் வேண்டும். இவற்றைச் சொல்லாகத் திருப்பிக் கொண்டுவராமல், பொருளாகவோ செயலாகவோ கொண்டுவர முடியுமா என்பதில்தான் இந்தத் திருத்தம் முழுக்க ஓடியது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் எனக்கு எப்போதும் உதவும். அழுகை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கைச் சொல்கிறது அது. இழிவுபட்டது, இழந்தது, பழைய நிலை கெட்டது, இல்லாமல் போனது. நான்குமே ஒருவருக்கு நேர்பவை. அழுகையை வர்ணிக்காமல், நேர்ந்ததைத் தேடிப் போ என்று அதை நான் எடுத்துக்கொள்வேன். இலக்கணத்தின் நோக்கம் அதுவாக இல்லாமல் இருக்கலாம், திருத்துகிறவனுக்கு அது போதும்.

அடுத்து மெஷின். 'ஒரு சிறு பறவையின் பிணம் போல' என்ற உவமை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் கீழே சின்னதாக ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். காது மெஷினை எடுத்துவிட்டு அங்கே மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், பல் செட் என்று வைத்தாலும் அந்த உவமை அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் அது மெஷினைப் பற்றிய உவமை இல்லை, சாவு என்னும் மனநிலைக்காக வாங்கி ஒட்டியது. படிமம் பழசாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பறவையை எடுத்துவிட்டு வண்டு, விதை, சிப்பி என்று புதிதாக எதைத் தேடினாலும் நிலைமை மாறாது. உவமையை மாற்றுவதை விட்டுவிட்டு, பொருளிடம் திரும்பிப் போவதே வழி.

அதனால் கவிதையை மூடி வைத்துவிட்டு, காதின் பின்னால் மாட்டும் வகை மெஷின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உரைநடையில் குறிப்பு எழுதினேன். அழகாக எழுதக் கூடாது என்பது அந்தக் குறிப்புக்கான ஒரே விதி. பின்பக்கம் வளைந்த உடல். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் முனையில் காதின் அச்சில் வார்த்த துண்டு, வேறொருவர் காதில் நுழையாது. குழாயின் உள்ளே மஞ்சளாகக் காதழுக்கு. அடியில் பேட்டரிக்கான சின்னக் கதவு, அதைத் திறந்தால் மெஷின் அணையும். பேட்டரி பொத்தான் மாதிரி இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் நிறமுள்ள ஒட்டுத்தாள். மெஷினை அணைக்காமல் உள்ளங்கையில் பொத்தினால் கீ என்று விடாமல் கத்தும். வெளியே வரும் சத்தம் கையில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் போக, அது மறுபடி பெரிதாகி வெளியே வர, இப்படிச் சுற்றுவதால் வரும் சத்தம் அது. காதில் சரியாக உட்காராவிட்டாலும் அதே சத்தம்தான். புது மெஷின்கள் சில இதை ஓரளவு அடக்கிவிடும். பழையவை அடங்காது.

இந்தக் குறிப்பில் உவமை எதுவும் இல்லை. ஆனால் 'வேறொருவர் காதில் நுழையாது' என்பதும், 'காதில் சரியாக உட்காராவிட்டாலும்' என்பதும் பறவைப் பிணத்தைவிடப் பல மடங்கு வேலை செய்யக்கூடியவை. பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் படிமத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, அதன் இயக்கமே படிமமாக நிற்கும்.

பல வருஷமாக மெஷின் போட்டிருக்கும் நண்பர் ஒருவரிடம் வரைவைக் காட்டினேன். கவிதை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "இது எப்போ நடக்குது?" என்றார். அப்பா இறந்து மூன்று மாதம் இருக்கலாம் என்றேன். "அப்போ கத்தாதுப்பா. பேட்டரி செத்திருக்கும்."

காரணத்தையும் அவரே சொன்னார். இந்தப் பேட்டரிகளில் பெரும்பாலானவை துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்பவை. ஒட்டுத்தாள் இருக்கும்வரை காற்று உள்ளே போகாது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். உரித்துவிட்டால் சின்னத் துளைகள் வழியாகக் காற்று போய் வேலை தொடங்கிவிடும். அப்புறம் மெஷினைப் பயன்படுத்தினாலும் சும்மா வைத்தாலும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். மறுபடி தாளை ஒட்டினாலும் பெரிதாகப் பயனில்லை.

ஆக, முதல் வரைவில் இழுப்பறையிலிருந்து எடுத்ததும் கத்தும் மெஷின் நடக்காத காரியம். கவிதைதானே, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் மெஷின் போட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அந்த வரியில் நின்றுவிடுவார்கள். கவிதையை முழுசாக வாங்கிக்கொள்ளக்கூடிய வாசகர்கள் அவர்கள்தான். அதைவிட முக்கியமாக, உண்மையைச் சரி செய்யப் போனால் கவிதைக்கு ஒரு செயல் கிடைக்கிறது. மெஷின் கத்த வேண்டுமென்றால் யாராவது புதுப் பேட்டரியை எடுத்து, தாளை உரித்து, உள்ளே போட்டு, கதவை மூட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவருடைய மெஷினுக்கு மகன் புதுப் பேட்டரி போடுகிறான். ஏன் போடுகிறான் என்று அவனுக்கே தெரியாது, நானும் சொல்லப் போவதில்லை. 'எனக்குள் ஏதோ உடைந்தது' என்ற வரி எதைச் சொல்லத் தவித்ததோ, அது இந்தக் கையில் இருக்கிறது.

இந்தப் பகுதியின் முதல் முயற்சி இப்படி வந்தது.

ஒட்டுத்தாளை மெல்ல உரித்தேன்
காற்றுப் பட்டதும்
உயிர் வந்தது பேட்டரிக்கு

'உயிர் வந்தது' என்பதை எடுக்க மனசே வரவில்லை. அறிவியலாகவும் ஏறத்தாழச் சரி, சாவோடு இணைந்தும் நிற்கிறது. அதனால்தான் எடுத்தேன். செத்தவர் வீட்டுக் கவிதையில் ஒரு பொருளுக்கு உயிர் வந்தது என்றால், அழும் நாற்காலியின் தம்பிதான் அது. செயல் தானாகச் சொல்லிக்கொண்டிருந்ததை வரி எடுத்து மறுபடி சொல்கிறது. 'மெல்ல' என்பதையும் 'நடுங்கும் விரல்களால்' என்பதையும் அதே காரணத்துக்காக எடுத்தேன். நடுக்கம் கண்ணுக்குத் தெரியக்கூடியதுதான், அந்நியர் சோதனையில் தேறும். ஆனால் நடுங்கும் விரல் சோகத்துக்கான சீருடை மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

அப்புறம் வாக்கியம். தமிழில் உரித்து, போட்டு, மூடி என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், ஒரே முற்றில் முடிக்க முடிவது இங்கே வசதி.

ஒன்றை உரித்து
உள்ளே போட்டு மூடி
உள்ளங்கையில் பொத்தினேன்
கீ என்றது

ஒவ்வொன்றையும் 'உரித்தேன், போட்டேன், மூடினேன்' என்று தனித்தனியாக முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு செயலும் மேடையில் தனியாக நின்று கைதட்டலுக்குக் காத்திருந்தது. எச்சமாக ஓடவிட்டால் கை பழகிய வேலையைச் செய்வதாகத் தெரிகிறது. அப்பாவுக்கு இவன் முன்பும் பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறான் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. 'மூடினேன்' என்ற பழைய சொல்லைப் 'பொத்தினேன்' என்று மாற்றியதற்குக் காரணம் எளிது. கதவை மூடுவதற்கு ஒரு 'மூடி' வந்துவிட்டது. 'கீச்' என்பதையும் 'கீ' ஆக்கினேன். கீச் என்பது பறவைக்கானது, வெட்டிய உவமையின் எச்சம். மெஷின் எழுப்புவது நீண்டு போகும் ஒற்றைச் சத்தம்.

சத்தமாகப் பேசும் பகுதிக்கு வந்தேன். முதல் வரைவில் இது கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது, தன் காரணத்தையும் இழுத்துக்கொண்டு. காரணத்தை வெட்டிவிட்டுக் கடைசியிலேயே வைத்தால் கவிதை, பார்த்தாயா என்று கேட்டு முடிகிறது. அதனால் அதைத் தூக்கி முதலில் வைத்துப் பார்த்தேன். முதலில் வைத்தால் காரணம் இல்லாமலே நிற்கலாம், வாசகர் சண்டைக்காரக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவார். மெஷின் வரும்போது அவரே திரும்பிப் போய்ச் சேர்த்துக்கொள்வார். காது கேளாமையைச் சொல்ல தனி வரி தேவைப்படாது.

'சத்தமாகப் பேசிக்கொள்கிறோம்' என்பது உண்மை, ஆனால் பொதுவான உண்மை. எவ்வளவு சத்தம்? யாருக்குக் கேட்கிறது? 'சண்டை போடுவது போல' என்று எழுதிப் பார்த்தேன், மறுபடி உவமை. சத்தத்தின் விளைவைத் தேடியபோது பக்கத்து வீட்டு ஜன்னல் கிடைத்தது.

எங்கள் வீட்டில்
யாருக்கும் மெதுவாகப் பேச வராது
மணி என்ன என்று கேட்டாலே
பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்

லேசான சிரிப்பும் இதில் இருக்கிறது. சாவைப் பற்றிய கவிதை சிரிப்போடு தொடங்கினால் வாசகர் தற்காப்பு இல்லாமல் உள்ளே வருவார். 'வெறிச்சோடிக் கிடக்கிறது' என்று தொடங்கினால் முதல் வரியிலேயே அவர் முகத்தைத் தயார் செய்துகொள்கிறார்.

இனி முடிவு. 'கீ என்றது' என்பதோடு நிறுத்தலாம். நிறுத்திப் பார்த்தேன், மெஷினுக்கும் வீட்டுக்கும் இடையில் எதுவும் நடக்கவில்லை. குறிப்பில் இருந்த 'காதில் சரியாக உட்காராவிட்டாலும் அதே சத்தம்தான்' என்ற வரிக்குத் திரும்பினேன். மெஷின் போடுகிறவர் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் இருக்கும் இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். கத்துது, சரியா மாட்டுங்க. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே வாயில் வரும் வாக்கியம் அது. இங்கே அதைச் சொல்ல வேண்டியவர் அம்மா.

மகனிடம் பேசுவதாக இருந்தால் அவர் 'மாட்டுடா' என்பார். 'மாட்டுங்க' என்றால் அவர் யாரிடம் பேசுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. 'அவர் இருக்கிறார் என்ற நினைப்பில்' என்று முதல் வரைவு ஒரு வரி முழுக்கச் சொன்னதை இந்த விகுதியே சுமந்துகொள்கிறது. மகனையும் 'ங்க' போட்டு அழைக்கும் வீடுகள் உண்டு, அந்த வாசகருக்கு இது சற்றுத் தாமதமாகப் பிடிபடலாம். அதைத் தவிர்க்க முன்னால் 'என்னங்க' சேர்த்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஆனால் சினிமா வந்துவிட்டது. எடுத்துவிட்டேன்.

யார் சொன்னது என்பதை எங்கே வைப்பது? 'அம்மா சொன்னாள்' என்று முன்னால் வைத்தால், அம்மா மகனிடம் பேசுவதாக எடுத்துக்கொண்டு வாசகர் வாக்கியத்துக்குள் போவார், 'ங்க' ஒரு தட்டுப்பிழையாகக் கூடத் தெரியலாம். பேச்சை முதலில் வைத்து, ஒரு இடைவெளி விட்டு, 'உள்ளிருந்து அம்மா' என்று வைத்தேன். அதற்குப் பின்னால் 'பிறகு நீண்ட அமைதி' என்று ஒரு வரி இருந்தது. மௌனமே மிகப் பெரிய சத்தம் என்று முதல் வரைவு முழங்கியதன் மெலிந்த வடிவம். வெட்டினேன்.

இந்த நிலையில் கவிதையை இரண்டு பேரிடம் கொடுத்தேன். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்கவில்லை, அந்தக் கேள்விக்கு எல்லோரும் மரியாதையாகப் பதில் சொல்லிவிடுவார்கள். கவிதையில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஒருவர் சரியாகச் சொன்னார். இன்னொருவர், "அப்பா புது மெஷின் வாங்கிட்டாரா? பழசை எடுத்துப் பையன் விளையாடறான், அம்மா அப்பான்னு நினைச்சுச் சத்தம் போடறாங்க" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் கவிதையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதும் செல்லும். வெட்டியபோது போன மூன்று தகவல்களில் இரண்டு திரும்பி வந்துவிட்டன, சாவு இன்னும் வரவில்லை.

அதையும் பொருளாகவே காட்டிவிடலாம் என்று தேடினேன். மாலை போட்ட படம், பொட்டில்லாத அம்மா, மடித்து வைத்த வேட்டி. எல்லாமே மூலையில் அழும் நாற்காலியின் உறவினர்கள். கடைசியில் நேராக எழுதினேன்: அப்பா இறந்து மூன்று மாதம். இது உணர்ச்சி விளக்கம் இல்லை, தகவல். தகவலை நேராகச் சொல்வதில் கவிதைக்கு எந்தக் குறையும் வராது. பழைய வரைவில் இருந்த 'போன பிறகு' என்ற மங்கலச் சொல்லில்தான் உணர்ச்சி ஒளிந்திருந்தது. 'இறந்து' என்பது குடும்ப அட்டையில் பெயர் நீக்கும்போது சொல்லும் சொல், அந்த வறட்சி இங்கே பிடித்திருந்தது. விளக்கத்தை வெட்டுகிறேன் என்று கிளம்பி, நடந்ததையும் மறைத்து, கவிதையை விடுகதையாக்கிவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நேர்வது. என்ன நடக்கிறது என்று வாசகருக்குத் தெரியாவிட்டால் தகவல் குறைகிறது, நேராகச் சேர்க்க வேண்டும். நடந்தது தெரிந்து, அதை அவர் வேறு மாதிரி உணர்ந்தால், அதில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக வட்டமிட்ட சிறு சொற்கள். 'மட்டும்', 'தான்', 'ஏ' மூன்றும் தங்கள் வரிகளோடு ஏற்கெனவே போய்விட்டன. புதிதாக வந்தது 'கேட்டாலே' என்பதில் உள்ள 'ஏ'. 'கேட்டால்' என்று எழுதினால், மணி கேட்டால் ஜன்னல் திறப்பது இந்த ஊர் வழக்கம் என்பதுபோல் விநோதமாக இருக்கிறது. அந்த ஏகாரம் சிரிப்புக்கு வேண்டும், இருக்கட்டும். 'இன்னும்' என்ற சொல்லையும் முதல் பகுதியில் சேர்க்கவில்லை. 'இன்னும்' என்றால் முன்பு ஒரு காரணம் இருந்தது என்று முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது இருக்கும் வடிவம்:

காது மெஷின்

எங்கள் வீட்டில்
யாருக்கும் மெதுவாகப் பேச வராது
மணி என்ன என்று கேட்டாலே
பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்

அப்பா இறந்து மூன்று மாதம்

இழுப்பறையில் மெஷின்
குழாயில் மஞ்சள் அழுக்கு
அட்டையில் மீதி நான்கு பேட்டரி
ஒட்டுத்தாளோடு

ஒன்றை உரித்து
உள்ளே போட்டு மூடி
உள்ளங்கையில் பொத்தினேன்
கீ என்றது

கத்துது பாருங்க
சரியா மாட்டுங்க

உள்ளிருந்து அம்மா

மெஷினைப் போட்டபடி வீட்டில் நடமாடும் நண்பரிடம் இதையும் காட்டினேன். பேட்டரி விஷயம் சரி என்றார். தாளை உரித்ததும் உடனே கதவை மூடாமல், காற்றுப் போக ஒரு நிமிஷம் வைத்திருப்பது நல்லது என்றும் சொன்னார். 'ஒன்றை உரித்து, ஒரு நிமிஷம் வைத்திருந்து' என்று சேர்த்தால் செயலில் ஒரு நிறுத்தம் கிடைக்கும். ஆனால் அந்த நிறுத்தத்தை வாசகர் தயக்கமாகப் படித்துவிடுவார், நடுங்கும் விரல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அதனால் சேர்க்கவில்லை. உடனே மூடினாலும் மெஷின் கத்தத்தான் செய்யும், அதனால் பொய்யும் இல்லை.

'குழாயில் மஞ்சள் அழுக்கு' பற்றி மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர் உடம்பிலிருந்து மிஞ்சியிருப்பது அதுதான் என்பதற்காக வைத்தேன். சிலருக்கு அருவருப்பாக இருக்கும் என்பதில் எனக்குக் கவலையில்லை. நான்கு வரியில் மூன்று பொருளைப் பட்டியல் போட்டுவிட்டேனோ என்றுதான் யோசிக்கிறேன். அழுக்கை எடுத்துவிட்டால் மெஷினும் பேட்டரி அட்டையும் அடுத்தடுத்து வந்து, பேட்டரி போடப்போகிறான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இருந்தால் கண் அங்கே ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறது. அந்த வரியை எடுத்து ஒரு பிரதியும் வைத்து ஒரு பிரதியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.